யூனிஃபார்முக்குப் பிடித்த 600 ரூபாய்

"ரிசப்ஷன் வேலைக்கு ஆட்கள் தேவை. தமிழ், ஆங்கிலம், இந்தி பேசத் தெரிந்திருக்க வேண்டும். 8 மணி நேரம், மூன்று ஷிப்ட், வாரம் ஒருமுறை மாறும். யூனிஃபார்ம், சாப்பாடு ஹோட்டலில் தரப்படும். சான்றிதழ்களுடன் நேரில் வரவும்."

மதுரையில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. அடியில் ஒரு செல்பேசி எண் இருந்தது. சம்பளம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. இதைப் பார்த்துத்தான் உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் 2021 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அப்பா நாக்பூரில் முறுக்கு வியாபாரம் செய்தவர். பத்தாம் வகுப்பு வரை பையன் அங்கேயே வளர்ந்ததால் இந்தி சரளமாக வரும். ஹோட்டலில் அவருக்கு நியமன உத்தரவு தரவில்லை. எட்டு மாதம் கழித்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வழக்கறிஞரான என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்த எழுத்துபூர்வமான ஆதாரம் இந்த ஐந்து வாக்கியங்களும், சில மாதச் சம்பளச் சீட்டுகளின் புகைப்படங்களும்தான்.

நடந்தது இதுதான். முதல் மூன்று மாதம் செய்தியில் சொன்னபடியே ஷிப்ட் மாறியது. காலை ஏழு முதல் மூன்று, மூன்று முதல் இரவு பதினொன்று, பதினொன்று முதல் காலை ஏழு. பிப்ரவரியில் ரிசப்ஷனில் இருந்த இருவர் வேலையை விட்டுப் போனார்கள். ஹோட்டல் அந்த இடங்களை நிரப்பவில்லை. மீதியிருந்தவர்களை வைத்து நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இவருக்கு இரவு ஒன்பது முதல் காலை ஒன்பது வரை, வாரம் ஆறு இரவு. ஜூன் வரை அப்படியே ஓடியது. இதற்கு நடுவே, முதல் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு, சம்பளத்தில் மாதம் 600 ரூபாய் "யூனி" என்ற தலைப்பில் பிடித்திருந்தார்கள்.

"சார், அந்தக் கோட்டுக் காசு போனாப் போகுது. நைட் டூட்டிக் காச மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். வேலைக்குத் திரும்பிப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. அதனால் பணி நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1948இன் 20ஆம் பிரிவில் மனுப் போடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் யூனிஃபார்ம் பணத்தை விட்டுவிட முடியாது என்று அவரிடம் உறுதியாகச் சொன்னேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் செய்தியைச் சரியான வடிவில் கைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் வைத்திருந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட். மேலே அனுப்பியவர் பெயர் வெட்டுப்பட்டிருந்தது, தேதியும் இல்லை. கேட்டரிங் படித்த நண்பர் ஒருவர் அதைத் தன் பக்கத்தில் வெட்டி அனுப்பியிருந்தார். நண்பரின் செல்பேசியில் மூலச் செய்தி, ஹோட்டல் மனிதவள மேலாளரின் எண்ணிலிருந்து வந்தபடியே இருந்தது. அதை அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம் என்று சொல்லி, எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி அச்செடுத்தோம். அச்சுப் பிரதியைத் தாக்கல் செய்தால் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருந்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்று தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. தொழிலாளர் துறை விசாரணையில் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் நண்பரிடம் சான்று வாங்கி இணைத்தேன். நாளைக்கே எதிர்த் தரப்பு உயர் நீதிமன்றம் போனால், ஆவணம் நிற்குமா என்ற கேள்வியே எழக் கூடாது.

அடுத்தது காலக்கெடு. கூலி கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு வர வேண்டியிருந்தது. இரவு வேலை செய்த மாதங்கள் எல்லாம் கெடுவுக்குள் இருந்தன. யூனிஃபார்ம் பிடித்தத்தில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கெடு தாண்டிவிட்டன. வேலையை விடும்போது திருப்பித் தருவோம் என்று ஹோட்டல் சொல்லியிருந்ததால் அவர் காத்திருந்தார் என்று காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட்டோம். அது ஏற்கப்பட்டது. இந்த மாதிரி வழக்குகளில் தொழிலாளி தோற்றது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலையில் இருக்கும்போது கேட்கப் பயம், வெளியே வந்தபின் அடுத்த வேலை தேடும் அலைச்சல். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

ஹோட்டலின் எதிருரை வந்தது. அதைப் படித்தபோதுதான் அந்தச் சின்னச் செய்தியின் ஒவ்வொரு வாக்கியமும் வழக்கில் ஓர் ஆளாக நிற்கப்போகிறது என்று புரிந்தது.

நான்காம் பத்தியில், அந்தச் செய்தி வெறும் விளம்பரம், நேரில் வரச் சொல்லும் அழைப்பு, அதை ஒப்பந்தமாகக் கொள்ள முடியாது என்று சொல்லியிருந்தார்கள். சட்டப்படி அது பொதுவாகச் சரியான வாதம்தான். ஆறாம் பத்தியில், அதே செய்தியில் சொன்னபடி எட்டு மணி நேரம், மூன்று ஷிப்ட், வாரச் சுழற்சி என்றுதான் மனுதாரர் வேலை பார்த்தார், கூடுதல் நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இருந்தது. ஒன்பதாம் பத்தியில், மனுதாரருக்கு இந்தி போதிய அளவு வராததால், விருந்தினர் குறைவாக வரும் இரவு டூட்டியிலேயே அவரை வைக்க வேண்டியதாயிற்று, அதனால் நிர்வாகத்துக்குத்தான் இழப்பு என்று எழுதியிருந்தார்கள்.

ஒன்பதாம் பத்தியை எழுதியவர், வேலை நீக்கத்துக்கு ஒரு காரணம் தேடி எழுதியிருக்க வேண்டும். மொழித் தகுதி செய்தியிலேயே கேட்கப்பட்டது, அது இவரிடம் இல்லை என்று காட்டுவது அவர்கள் நோக்கம். ஆனால் அதைச் சொல்லப் போய், இவர் தொடர்ந்து இரவு டூட்டியில்தான் இருந்தார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறியது என்ற ஆறாம் பத்தி அதோடு விழுந்துவிடுகிறது. எதிருரையைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று என் சீனியர் சொல்லிக்கொண்டே இருப்பார். வழக்கை ஜெயிக்க வைக்கும் ஒப்புதல் பெரும்பாலும் வழக்குக்குத் தேவையே இல்லாத ஒரு பத்தியில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இரவு டூட்டி என்ற ஒப்புதல் மட்டும் போதாது. பதினொன்று முதல் ஏழு வரை என்றால் அது எட்டு மணி நேரம்தான். ஒன்பது முதல் ஒன்பது வரை என்பதை நாங்கள்தான் காட்ட வேண்டும். இங்கே அந்தச் செய்தியால் எங்களுக்கு உதவி இல்லை. என்ன சொல்லி வேலைக்கு எடுத்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. பிறகு என்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவை.

ஹோட்டல் ஒரு வருகைப் பதிவேட்டைத் தாக்கல் செய்தது. ஐந்து மாதத்துக்கும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் எழுத்து. வாரம் தவறாமல் மூன்று ஷிப்டும் அழகாகச் சுழன்றன. மனுதாரரான தம்பியை உட்கார வைத்து, ரிசப்ஷனில் எந்தெந்தக் காகிதத்தில் அவர் கை படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணக்கு முடிக்கும் இரவு ரிப்போர்ட், ஷிப்ட் மாற்றும்போது எழுதும் லாக் புத்தகம், கல்லாப் பணம் ஒப்படைத்த சீட்டு, வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அனுப்பும் சி படிவம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சி படிவத்தை அனுப்பிய கணக்கு ஹோட்டல் பெயரில் இருந்தது, எந்த ஊழியர் அனுப்பினார் என்று அதில் தெரியவில்லை. கடைசியாக, "கெஸ்ட் கார்டுல கையெழுத்துப் போடுவேன் சார்" என்றார்.

அறை எடுக்க வருகிறவர் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், வந்த தேதி, வந்த நேரம் எல்லாம் நிரப்பிக் கையெழுத்திடும் அட்டை அது. கீழே வலது மூலையில் ரிசப்ஷன் ஊழியர் சுருக்கொப்பம் இடுவார். நேரத்தை எழுதியது யார்? விருந்தினர். ஹோட்டல் பின்னால் திருத்தி எழுத முடியாத காகிதம் அதுதான். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் அட்டைகளைப் பத்திரமாகவும் வைத்திருப்பார்கள். 20ஆம் பிரிவு அதிகாரிக்கு ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் இருந்தது. மொத்த அட்டைகளையும் கேட்டால், சுமை அதிகம் என்று சொல்லி மறுப்பார்கள். அதனால் தம்பிக்கு நன்றாக நினைவிருந்த எட்டு நாட்களை மட்டும் குறிப்பிட்டு மனுப் போட்டோம். அதில் ஒன்று, கொரோனா இடைவெளிக்குப் பின் மக்கள் கூட்டத்தோடு நடந்த 2022 சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கிய நாளுக்கு முந்திய இரவு. இரண்டு வாய்தா தள்ளி, ஆறு நாட்களின் அட்டைகள் வந்தன. மற்ற இரண்டு நாட்களின் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள்.

ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். திருவிழா வாரத்தில் பதிவேட்டின்படி மனுதாரருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டேன். காலை ஏழு முதல் மூன்று என்றார். அட்டையைக் காட்டினேன். விருந்தினர் வந்த நேரம் இரவு 9.20. மூலையில் யாருடைய சுருக்கொப்பம்? மனுதாரருடையது. இன்னொரு வாரம், பதிவேட்டில் மாலை மூன்று முதல் பதினொன்று. ஆனால் விடியற்காலை 5.35க்கு, பாண்டியன் எக்ஸ்பிரசில் இறங்கி வந்த ஒரு குடும்பத்தின் அட்டையில் அதே சுருக்கொப்பம். மூன்றாவது வாரம், பதிவேட்டிலேயே இரவு பதினொன்று முதல் ஏழு என்று இருந்தது. அந்த நாளின் அட்டைகளில் ஒன்று இரவு 9.30, இன்னொன்று மறுநாள் காலை 8.15. டூட்டி முடிந்தபின் நண்பர்களோடு பேசிக்கொண்டு நின்றிருக்கலாம், உதவிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்றார் மேலாளர். ஆறு நாளிலும் அப்படித்தானா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

மொழி விஷயத்தையும் விட்டுவைக்கவில்லை. நான் மேலாளரிடம் கேட்டது ஒரே கேள்வி. வடநாட்டு யாத்திரைக் குழுக்கள் நள்ளிரவில் பேருந்தில் வந்து இறங்கும்போது கவுன்டரில் தனியாக இருந்தவர் யார்? மனுதாரர் என்றார். இந்தி தெரியாத ஒருவரை அந்த இடத்தில் ஐந்து மாதம் தனியாக எந்த ஹோட்டலும் உட்கார வைக்காது. அந்த வாதம் தம்பியை மிகவும் காயப்படுத்தியிருந்தது. சம்பளப் பாக்கியைவிட, இந்தி தெரியாதவன் என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் அவருக்கு வலித்தது. வேறு ஹோட்டலில் வேலை கேட்டுப் போனால் அந்த எதிருரையை யாரும் காட்டப்போவதில்லை என்றாலும், அது பதிவில் இருக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

சாப்பாட்டை வைத்து இன்னொரு வாதம் வந்தது. அது நுட்பமானது, ஆபத்தானதும் கூட. குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் இந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் கூடுதல் நேரக் கூலி கேட்க முடியாது என்று 1998இல் ஹட்டா நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தம்பியின் சம்பளம், ஹோட்டல் தொழிலுக்கு அரசாணை வைத்திருந்த குறைந்தபட்சத் தொகையை ஒட்டியே இருந்தது. அதோடு சாப்பாட்டின் மதிப்பையும் சேர்த்தால் குறைந்தபட்சத்தைத் தாண்டிவிடுகிறது, ஆகவே மனுவே செல்லாது என்றார்கள். இதற்குப் பதில் சட்டத்திலேயே இருந்தது. குறைந்தபட்சக் கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும், பொருளாகத் தருவதை அரசு தனியாக அனுமதித்தால் ஒழியக் கூலியோடு சேர்க்க முடியாது என்றது 11ஆம் பிரிவு. அப்படி ஓர் அனுமதியை ஹோட்டல் காட்டவில்லை.

இனி யூனிஃபார்ம். இரண்டு சட்டை, ஒரு கோட்டு, டை, பெயர் பட்டை. மாதம் 600 வீதம் ஆறு மாதத்தில் 3,600 ரூபாய். இது திரும்பத் தரும் முன்பணம் என்றும், அவர் உடுப்பை ஒப்படைக்காமல் போனதால் தரவில்லை என்றும் ஹோட்டல் சொன்னது. ஆனால் அந்த உடுப்பு ஹோட்டலை விட்டு வெளியே போனதே இல்லை. ஊழியர்கள் வந்ததும் உடை மாற்றும் அறையில் அணிந்துகொள்வார்கள். முடிந்ததும் சலவைக்குப் போட்டுவிட்டு, வீட்டு உடையில் போவார்கள். எந்தச் சட்டை யாருடையது என்று சலவைக்காரருக்குத் தெரிய, காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு எண் தைத்திருக்கும். சலவைப் பிரிவின் கணக்குப் புத்தகத்தில் அவருடைய எண், அவர் போன மறுவாரமே வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. உடுப்பு திரும்பி வராமல் அது நடக்காது.

இந்த 3,600 ரூபாயை விடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் 20ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. குறைந்தபட்சத்துக்குக் குறைவாகக் கூலி கொடுத்தது நிரூபணமானால், குறைந்த தொகையோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம் என்று இருந்தது. மற்ற வகைக் கோரிக்கைகளுக்கு, அதாவது கூடுதல் நேரக் கூலி, ஓய்வு நாள் கூலி போன்றவற்றுக்கு, சேர வேண்டிய தொகையோடு அதிகபட்சம் பத்து ரூபாய் இழப்பீடு. பத்து மடங்கு இல்லை, பத்து ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய எண் அப்படியே இருந்தது. ஆக, ஐந்து மாத இரவுகளை எடுத்துக்கொண்டதற்கு ஹோட்டலுக்கு வரக்கூடிய தண்டனை பத்து ரூபாய். சட்டைக்காக மாதம் 600 ரூபாய் பிடித்ததற்கு, அந்தப் பிடித்தம் கூலியைக் குறைந்தபட்சத்துக்குக் கீழே தள்ளிவிட்டது என்று காட்டினால், 36,000 வரை போகலாம். 12ஆம் பிரிவின்படி, விதிகளில் அனுமதித்த பிடித்தங்கள் தவிர வேறு எதையும் குறைந்தபட்சக் கூலியில் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. வேலைக்கே தேவையான, முதலாளியே கட்டாயமாக்கிய உடுப்பின் விலை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இதில் அந்தச் செய்தி ஒப்பந்தமா, அழைப்பா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. ஹோட்டல் இலவசமாகத் தருவதாகச் சொல்லாமலே இருந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

தொகைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். மாதம் 10,400 ரூபாய். 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 400, மணிக்கு 50, இரட்டிப்பு வீதத்தில் 100. வாரம் ஆறு இரவு, பன்னிரண்டு மணி நேரம் என்றால் 72 மணி. 48 போக 24 மணி கூடுதல். இருபது வாரத்துக்கு 48,000 ரூபாய் கேட்டோம். விசாரணை அதிகாரி பன்னிரண்டு மணி நேர வேலையை ஏற்றுக்கொண்டார். வராத இரண்டு நாள் அட்டைகளை ஹோட்டலுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டுக்கு இரவுக்கு ஒரு மணி நேரம் கழித்துவிட்டார். அதனால் வாரத்துக்கு 18 மணி, மொத்தம் 36,000. கவுன்டரில் ஒரே ஆள் இருக்கும்போது, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டியவருக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டேன். ஏற்கவில்லை. அந்தக் கழிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

யூனிஃபார்ம் பணம் 3,600, அதற்கு ஐந்து மடங்கு இழப்பீடு 18,000. கூடுதல் நேரத்துக்குப் பத்து ரூபாய். மொத்தம் 57,610. மனுதாரருக்கு இந்தி தெரியாது என்ற கூற்று நிர்வாகத் தரப்புச் சாட்சியாலேயே பொய்யாகிறது என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. தம்பி அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக நகலெடுத்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஹோட்டல் ரிட் மனு கொண்டு போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை, இரண்டு தவணையில் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பத்து ரூபாய் வரம்பு இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், எந்தக் கூலிக் கோரிக்கையாக இருந்தாலும் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம், ஆறு மாதக் கெடு மூன்று ஆண்டாகியிருக்கிறது, கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி மீதே விழுகிறது. அதோடு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. இதே வழக்கு இன்று வந்தால் அந்த ஐந்து மாத இரவுகளுக்கும் பத்து மடங்கைக் கேட்டிருப்பேன். ஆனாலும் இன்னும் என் அறைக்கு வருகிற ஹோட்டல் ஊழியர்களில் பலரிடம் கடிதம் இல்லை, வேலைக்குக் கூப்பிட்ட செய்திதான் இருக்கிறது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது யார் எண்ணிலிருந்து வந்தது, அந்த போன் இப்போது எங்கே என்பதைத்தான்.